கீழே கடை, மூலையில் இரண்டு ரோட்டு: 3 மாடி கொங்கிரீட் பிரேமுக்கு நிலநடுக்கக் கணிப்பை எங்கே தொடங்குவது?

கல்முனை_டிராஃப்ட்

கல்முனையில் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலைக் காணி. கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடு. ரோட்டோரம் 12 மீ., உள்ளுக்கு 10.5 மீ. தூண்கள் 4×4, மொத்தம் 16. கீழ்த்தளம் 3.6 மீ., மேல்தளங்கள் 3 மீ. வீதம், ஆக உயரம் 9.6 மீ. முன்பக்கம் மெயின் ரோட்டு, வலப்பக்கம் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை. இந்த இரண்டு பக்கமும் ரோலர் ஷட்டர் மட்டும்தான். பின்பக்கமும் இடப்பக்கமும் எல்லைச் சுவர், 100 மி.மீ. சீமெந்துக் கல். மேலே அறைச் சுவர்கள் எல்லாம் அதே கல்.

இப்ப வரைபடத்தில் இருப்பது: தூண் 225×225, 4 பதினாறு டோர், 6 மி.மீ. ரிங் 200க்கு ஒன்று. பீம் 225×400, மேலே மூன்று பதினாறு, கீழே இரண்டு. பின்பக்கச் சுவரில் ஸ்டோருக்குக் காற்று வர, பீமுக்குக் கீழே 600 மி.மீ. உயரத் திறப்பு, தூணிலிருந்து தூண் வரை நீளமாக.

வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டில் சிவில் படித்தவர். 'சீஸ்மிக் டிசைன் பேசிஸ்' ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார். நான் சொப்ட்வெயரில் பிரேமை மட்டும் வரைந்து, சுவரைப் பாரமாகப் பீமில் வைத்திருக்கிறேன். இதுக்கு மேல் நிலநடுக்க விசையைப் போட்டால் போதுமா?

சம்மாந்துறை_சிவில்

போதும் தம்பி. சுவரை மொடலில் விட்டுவிடுவது பாதுகாப்பான பக்கம்தானே. உண்மையில் சுவரும் கொஞ்சம் தாங்கும், அது நமக்கு மேலதிகம். இந்தியக் கோட் ஐ.எஸ். 1893இன்படி ஸோன் 2 எடு, Z 0.10. தூணுக்கு ஐ.எஸ். 13920இன் டக்டைல் டீட்டெயில் போடுவதால் விசையை வகுக்கிற R ஐந்து. கணக்குப் போட்டால் எடையில் 2.5% வரும். பி.எஸ். 8110இல் எப்படியும் 1.5% கிடையாகப் போடுகிறோம், அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெரிய விசயமில்லை.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

சம்மாந்துறை சொன்னதில் டக்டைல் டீட்டெயில் போட வேண்டும் என்பது சரி. ஆனால் சுவரை விட்டால் பாதுகாப்பு என்பது இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. மூன்று இடத்தில் எதிர்மாறாகப் போகும்.

முதல் இடம், அதிர்வுக் காலம். சுவர் இல்லாத பிரேம் மெதுவாக ஆடும், அதனால் ஸ்பெக்ட்ரத்தில் விசை குறைவாக வரும். உண்மைக் கட்டடத்தில் சுவர் இருக்கிறது, அது விறைப்பு, வேகமாக ஆடும். யூரோக்கோட் 8இன் பிரேம் சூத்திரத்தையும், சுவர் நிரப்பிய கட்டடத்துக்கு ஐ.எஸ். தருகிற சூத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```
T (frame) = 0.075 * 9.6^0.75      = 0.41 s
T (walls) = 0.09 * 9.6 / sqrt(12) = 0.25 s
```

நிலம் அங்கே மணல். போர்ஹோல் வரும் வரைக்கும் C வகை என்று வைப்போம். இலங்கை தட்டின் நடுவில் இருக்கிறது, வந்தால் கிட்டத்தில் வருகிற நடுத்தர அதிர்வு என்பதால் டைப் 2 ஸ்பெக்ட்ரம். நிலத்துக்கான பெருக்கம் S 1.5, மேல் தட்டையான பகுதி முடிகிற TC 0.25 செக்கன். சுவரோடு கட்டடம் அந்தத் தட்டையிலேயே நிற்கிறது. சுவரை விட்டால் 0.25/0.41, அதாவது விசை 0.61 மடங்காகக் குறைந்து காட்டும். 'மேலதிகம்' என்று நினைத்த சுவர்தான் விசையைக் கூட்டுகிறது.

இரண்டாவது இடம், கீழ்த்தளம் திறந்து மேலே சுவர். மூன்றாவது, முறுக்கு. அதோடு பின்பக்கத்து 600 மி.மீ. திறப்பு, எனக்கு எல்லாவற்றிலும் பயம் அதுதான். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

விசை முதலில். தளத்துக்குச் சுமார் 1260 கிலோநியூட்டன் இரண்டு, மேல் ஸ்லாப் 880, மொத்தம் 3400 என்று எடுத்தேன். பாறையில் 0.1g.

```
Se = 0.1g * 1.5 * 2.5      = 0.375g
q  = 3.9 * 0.8             = 3.1
V  = 0.375/3.1 * 0.85 * 3400 = 350 kN
```

q என்பது ஐ.எஸ்.இன் R மாதிரி விசையை வகுக்கிற காரணி. 3.9 என்பது பல தளம், பல வரிசையுள்ள பிரேமுக்கு மீடியம் டக்டிலிட்டியில் கிடைப்பது. மேல் கீழ் ஒழுங்கில்லாததால் 20% வெட்டு. பி.எஸ். 8110இன் 1.5% எடுத்தால் 50 கிலோநியூட்டன். ஏழு மடங்கு வித்தியாசம், 'கொஞ்சம் கூட' இல்லை.

சம்மாந்துறை_சிவில்

எனக்கு எப்படி 2.5% வந்தது? Z/2 × 1/5 × 2.5, கணக்கில் பிழை இல்லையே.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஐ.எஸ்.இல் Z என்பது உச்ச நிலநடுக்கம். அதைப் பாதியாக்கித்தான் டிசைனுக்கு எடுப்பார்கள், அதனால் உங்கள் 0.10 உண்மையில் 0.05g. நான் எடுத்த 0.1g பாதியாக்காமலே டிசைனுக்கு எடுப்பது. அதோடு அங்கே தட்டையான பகுதியில் நிலத்துக்கென்று பெருக்கம் இல்லை, R உம் பெரிது. பிறகு 1.5 பாரக் காரணியால் பெருக்குவார்கள், யூரோக்கோட்டில் அது 1.0. ஒரு கோட்டின் R, இன்னொரு கோட்டின் ஸ்பெக்ட்ரம் என்று கலந்தால்தான் ஆபத்து. டிசைன் பேசிஸ் பக்கத்தின் முதல் வரியிலேயே 'முழுக்க யூரோக்கோட் 8' அல்லது 'முழுக்க ஐ.எஸ்.' என்று ஒன்றை எழுதிவிட வேண்டும்.

0.1g தானா என்பதில் விவாதம் இருக்கலாம், இருக்கட்டும். 0.06 என்று நீங்கள் எடுத்தால் விசை குறையும். ஆனால் கீழே நான் சொல்லப்போகிற வடிவக் குறைபாடுகள் ஒன்றும் குறையாது.

ஆரையம்பதி_வீடு

நான் பொறியியலாளர் இல்லை. எங்கட வீட்டிலயும் பீமுக்கும் சுவருக்கும் இடையில நேரா ஒரு வெடிப்பு, எல்லா அறையிலயும். மேல்தளம் போட்டு ஒரு வருசம். இது நிலநடுக்கத்தாலயா? தூணை உடைச்சுப் பெருப்பிக்கணுமா?

நிந்தவூர்_காக்கா

அது நிலநடுக்கமில்ல தம்பி. பலகை கழட்ட முந்தி சுவரக் கட்டி, பீமோட இறுக்கிச் சாந்து அடிச்சிருப்பாங்க. பிறகு பலகை கழட்டினா பீம் கொஞ்சம் இறங்கும், கல்லும் காய்ஞ்சு சுருங்கும். கோடு விழும். தூண்ல கை வைக்காதீங்க. சிப்பிங் பண்ணி, வலை அடிச்சுப் பூசுங்க, போதும்.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

காக்கா சொன்னது சரி. வெடிப்பு பீமின் அடியில் நேராகக் கிடந்தால் அதுதான். மூலைக்கு மூலை சரிவாகச் சுவரில் விழுந்தால், அல்லது தூணிலேயே சரிவாக இருந்தால் வேறு கதை, அப்ப ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

தலைப்புக்கு வருவோம். கீழ்த்தளத் திறப்பு.

நிலநடுக்கத்தில் மேல்தளச் சுவர்கள் மேல் இரண்டு மாடியையும் ஒரு பெட்டி மாதிரிப் பிடித்துவிடும். நகர்வு முழுக்கக் கீழ்த்தளத் தூண்களுக்குள் ஒதுங்கும். இதை யூரோக்கோட் 8 ஒரு பெருக்குக் காரணியால் பிடிக்கிறது. சுவர் இழந்த தளத்தில் எவ்வளவு சுவர் பலம் குறைந்தது என்று பார்த்து, அதை அந்தத் தளத்துத் தூண்களில் வருகிற வெட்டு விசையால் பிரித்து, ஒன்றைக் கூட்டுவது.

உங்கள் கட்டடத்தில் ரோட்டுக்கு இணையான திசையில், ஜன்னல் கதவு பெரிதாக இல்லாத சுவர்ப் பகுதி முதலாம் மாடியில் எத்தனை? ஐந்து என்று வைக்கிறேன், நீங்கள் எண்ணிச் சரிபாருங்கள். கீழே பின்பக்கம் மூன்று மட்டும். ஒரு பகுதி 3.8 மீ. × 0.1 மீ., சாந்துக் கட்டின் வெட்டுப் பலம் 0.2 மெகாபாஸ்கல் என்று எடுத்தால் 76 கிலோநியூட்டன்.

```
dV_Rw = (5 - 3) * 76     = 152 kN
eta   = 1 + 152/350      = 1.43
```

1.1க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 1.43 என்பதால் கீழ்த்தளத் தூண்களின் நிலநடுக்க விசைகளை 1.43 ஆல் பெருக்க வேண்டும். 350 கிலோநியூட்டன் 500 ஆகிறது. 16 தூணுக்குச் சமமாகப் பிரித்தாலே ஒன்றுக்கு 31. 3.2 மீ. உயரத் தூணில் மேலும் கீழும் 50 கிலோநியூட்டன்-மீற்றர் வளைவு. 225×225, நாலு பதினாறு டோர், C25/30 கொங்கிரீட்டில் சுமார் 40 தான் தாங்கும். முறுக்கு இன்னும் சேரவேயில்லை.

இன்னொன்று கவனியுங்கள், பின்பக்கத்து அந்த மூன்று பகுதியும் 600 மி.மீ. திறப்புள்ளவை. அவற்றை முழுச் சுவராக எண்ணுவதே தாராளம். எண்ணாவிட்டால் காரணி 2.1 ஆகப் போகும்.

மருதமுனை_ரி.ஓ

ஒரு கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையோரத்தில் கீழ்த்தளத்தைத் திறந்து விடுங்கள், தண்ணீர் ஊடாகப் போகட்டும் என்றுதான் சொல்லி வந்தோம். மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் அப்படிக் கட்டியவையும் இருக்கு. இப்ப நீங்க திறந்த கீழ்த்தளமே குறை என்கிறீர்கள். எதைச் செய்யுறது?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

இரண்டுமே உண்மை, ஒன்றுக்கொன்று இடிக்கவும் செய்யும். 2004இல் நம்மை அடித்தது தண்ணீர். சுமாத்திராவின் அதிர்வு இவ்வளவு தூரத்தில் மூன்று மாடிக் கட்டடத்தை ஒன்றும் செய்யவில்லை. நாம் இங்கே பேசுவது கிட்டத்தில் வரக்கூடிய நடுத்தர அதிர்வை.

திறந்து வைப்பதில் தவறில்லை. திறந்ததைக் கணக்கில் எடுக்காமல் மேலே உள்ள அதே தூணைக் கீழேயும் போடுவதுதான் தவறு. தண்ணீருக்காகத் திறப்பதென்றால் கீழ்த்தளத் தூண்கள் அந்தப் பெருக்கிய விசைக்கு இருக்கட்டும். கீழே சுவர் வேண்டுமென்றால், தண்ணீர் தள்ளினால் பிரேமை இழுக்காமல் தனியே விழக்கூடியதாக, இடைவெளி விட்டுக் கட்டலாம். அலையின் உயரம் எவ்வளவு எடுப்பது, மிதந்து வரும் மரம், வள்ளம் மோதும் விசை எவ்வளவு என்பதெல்லாம் இந்த இழைக்குள் முடியாது.

மருதமுனை_ரி.ஓ

அப்ப அனுமதிக்கு வாற வரைபடத்தில நான் எதைப் பார்க்கிறது? 'திறந்த தளம், தூண் பெரிசு' எண்டு எழுதினாச் சரியா?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

தூண் பெரிதென்பது போதாது. பீமையும் பாருங்கள். பீமைவிடத் தூண் பலமாக இருந்தால்தான் சேதம் பீமின் முனைகளில் விழும். தூணில் விழுந்தால் தளம் இறங்கும்.

இவர் வரைபடத்தில் 225×400 பீம். மேலே மூன்று பதினாறு சுமார் 86, கீழே இரண்டு சுமார் 58 தாங்கும். உள் மூட்டில் இரண்டு பக்கத்துப் பீமும் சேர்ந்து 144. யூரோக்கோட் இதை 1.3 மடங்கு கேட்கிறது, 187. தூண் மேலும் கீழும் சேர்ந்து 80க்குக் கிட்ட. பாதிகூட இல்லை.

நான் மாற்றுவது இரண்டும். தூண் 300×300, எட்டுப் பதினாறு: ஒன்று சுமார் 85, இரண்டும் 170. பீமின் ஆழம் 350 ஆகக் குறைந்தால் 75ம் 50ம், கூட்டி 1.3 ஆல் பெருக்க 162. பொருந்துகிறது. 4 மீ. நீளத்துக்கு 350 போதும். பீமை ஆழமாக்கினால் எப்பவும் பலம் என்று நினைப்பதுதான் நம்ம பக்கத்துப் பழக்கம், இங்கே அது தூணைத் தோற்கடிக்கிறது.

சம்மாந்துறை_சிவில்

ஸ்லாப்பின் மேல் கம்பி பீமோடு சேர்ந்து இழுக்குமே. அதையும் சேர்த்தால் உங்கள் 162 மேலே போகும். 170க்கும் அதுக்கும் இடையில் எட்டுத்தான் இருக்கு.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

நல்ல கேள்வி, அது சரி. பீமோடு பக்கத்தில் சேர்கிற அகலத்துக்குள் உள்ள ஸ்லாப் கம்பியையும் எண்ண வேண்டும். 10 மி.மீ. 200க்கு ஒன்று என்றால் அந்த எட்டு உடனே போய்விடும். அப்ப நான் கீழ்த்தளத்து உள் தூண்களை 300×350 ஆக்குவேன், இல்லையென்றால் பீமின் மேல் கம்பியைக் கணிப்புக்குத் தேவையான அளவுக்கே வைப்பேன். மேசன் 'ஒண்டு கூடப் போட்டா நல்லம்' என்று மேலே நாலாவது கம்பி வைக்கிறது இங்கேதான் கெடுதல்.

நிந்தவூர்_காக்கா

இதக் கேட்டா எங்கட பாஸ்மார் சிரிப்பாங்க. கம்பி கூடினா ஆபத்தா எண்டு. சரி, நான் எழுதி வைக்கிறன்.

கல்முனை_டிராஃப்ட்

சுவரை மொடலில் சேர்த்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் மூலைக்கு மூலை அமுக்கம் மட்டும் தாங்குகிற ஒரு சட்டம், அகலம் மூலைவிட்டத்தில் பத்தில் ஒன்று. நிலநடுக்கத்தை ரோட்டுக்கு இணையாகத் தள்ளினால் இரண்டு ரோட்டும் சந்திக்கிற மூலைத் தூண், எதிர் மூலையைப் போல 2.4 மடங்கு நகர்கிறது. முன்பு சுவர் இல்லாமல் பார்த்தபோது 1.1 தான். இதை என்ன செய்வது?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

பார்த்தீர்களா, முன்பு இல்லாத முறுக்கு சுவரால் வந்தது. விறைப்பு முழுக்கப் பின்பக்கமும் இடப்பக்கமும், எடை நடுவில். கட்டடம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு சுழலும், ரோட்டு மூலை வீசப்படும். இடப்பக்கச் சுவரும் பின்பக்கச் சுவரும் சேர்ந்து L வடிவில் நிற்கும் கடைகளில் இது எப்பவும் வருகிறது.

மூன்று வழி. ஒன்று, எல்லைச் சுவர்களைத் தூணிலிருந்து பிரிப்பது. தூணுக்கும் சுவருக்கும் இடையில் 25 மி.மீ., 2.65 மீ. உயரத்துக்கு அது சுமார் 1% நகர்வு. அந்த இடைவெளியை ரெஜிபோம் வைத்து நிரப்பலாம், சாந்தால் நிரப்பக் கூடாது. ஆனால் பிரித்த சுவர் வெளிப்பக்கமாகக் கவிழாமல் இருக்கத் தூணில் ஆங்கிள் இரும்பு பிடிக்க வேண்டும், அல்லது சுவருக்குள் சின்னக் கொங்கிரீட் தூண்கள். இரண்டு, ரோட்டு மூலையில் ஷட்டர் பெட்டி மறைக்கிற இடத்தில் 1.2 மீ. நீளம், 200 மி.மீ. கொங்கிரீட் சுவர், இரண்டு திசையிலும் ஒவ்வொன்று. ஷட்டர் 1.2 மீ. சுருங்கும், கடைக்காரர் கத்துவார். அதோடு அதன் அத்திவாரம் மணலில் தூக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, ஒன்றும் மாற்றாமல் முறுக்கை முழுக்கக் கணக்கில் எடுத்து மூலைத் தூண்களைப் பெருப்பிப்பது.

எதை எடுத்தாலும் எடை மையத்தின் தற்செயல் விலகலை 5%இலிருந்து 10% ஆக்குங்கள், சுவர் ஒழுங்கில்லாத கட்டடத்துக்கு அதுதான் விதி. பிறகு மூன்று நாலு சுவர்ப் பகுதிக்கு ஒன்றை எடுத்துவிட்டு மொடலை மறுபடி ஓட்டுங்கள், எல்லா முறையும் ஒரே தூணா மோசமாகிறது என்று பாருங்கள். யாராவது பின்னர் ஒரு சுவரை உடைத்துக் கதவு வைப்பார்கள், அது நடக்கும்.

கல்முனை_டிராஃப்ட்

கொங்கிரீட் சுவர் 1.2 மீ. வைத்து ஓட்டினேன், 2.4 என்பது 1.5 ஆகிவிட்டது. வீட்டுக்காரர் மூலையில் ஷட்டர் இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார் போல. இப்ப 600 மி.மீ. திறப்பைச் சொல்லுங்க அக்கா.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள். பீமை 350 ஆக்கியபிறகு பின் தூண் 3.25 மீ. முழுக்க வளைய நினைக்கும். சுவர் கீழே 2.65 மீ. இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், வளையக்கூடிய இடம் மேல் 600 மி.மீ. மட்டும். தூணின் இரண்டு முனையும் தன் முழுப் பலத்துக்கு வளையும்போது உண்டாகிற வெட்டு விசை, அந்த நீளத்தால் பிரிக்கப்படும்:

```
V (3.25 m) = 1.1 * (85 + 85) / 3.25 = 58 kN
V (0.60 m) = 1.1 * (85 + 85) / 0.60 = 312 kN
```

300×300 தூணில் 10 மி.மீ. ரிங்கை மூன்று கால் வருகிற மாதிரி 100க்கு ஒன்று போட்டாலும், 45 பாகை சாய்வில் ரிங் தாங்குவது 231. ரிங்கை இன்னும் நெருக்கினால் கொங்கிரீட்டே 304இல் நசுங்கும். 312க்கு வழியே இல்லை. தூணைப் பெருப்பித்தால் வளைவுப் பலமும் கூடும், வெட்டும் கூடும், துரத்திக்கொண்டே போகும். பெரிய நிலநடுக்கம் நடந்த இடங்களில் பாடசாலைகளில் அரைச் சுவருக்கு மேல் தூண் X மாதிரிச் சரிவாக வெடித்து நிற்கும் படங்கள் எல்லாம் இதுதான்.

அதனால் கம்பியால் தீர்க்காதீர்கள், திறப்பை மாற்றுங்கள். சுவரைப் பீம் வரை கட்டிவிட்டு, தூணிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் விலகி, நடுவில் சின்ன வென்டிலேற்றர்கள் வையுங்கள். காற்று அதே அளவு வரும். இல்லையென்றால் அந்தச் சுவரைத் தூணிலிருந்து மேலே சொன்ன 25 மி.மீ. இடைவெளியில் பிரியுங்கள்.

சம்மாந்துறை_சிவில்

எங்க ஏரியாவில் அரைவாசிப் பாடசாலைக் கட்டடம் இப்படித்தான், வராந்தாப் பக்கம் அரைச் சுவர். கட்டிமுடித்ததுக்கு என்ன செய்யலாம்?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

கட்டியதுக்கு: தூணோரம் 25–30 மி.மீ. சுவரை வெட்டிப் பிரிப்பது மலிவு, அதுக்குப் பிறகு அரைச் சுவருக்கு முட்டு. தனி இழை திறங்க, இங்கே கலக்க வேண்டாம்.

நிந்தவூர்_காக்கா

இப்ப எங்கட வேலைக்கு வாங்க. 8 மி.மீ. கம்பி இஞ்ச கடையில எப்பவும் இருக்காது. ரிங்குக்கு 10 டோர்தான். 135 பாகைக்கு வளைக்கச் சொன்னா எங்கட ஆள் 90க்கு வளைச்சுட்டு, தூண்ல போட்டபிறகு சுத்தியலால தட்டுறான். அது சரியா? எத்தனைக்கு எத்தனை?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

10 டோர் நல்லம். சுத்தியலால் தட்டி வளைப்பது பிழை காக்கா, கம்பி வளைவில் வெடிக்கும், இறுகியும் வராது. 135க்கு மேசையிலேயே வளைத்து, தூணுக்குள் உள்வாங்கிப் போட வேண்டும். கொக்கியின் நீட்டு 10 மடங்கு, அதாவது 100 மி.மீ. 300 தூணுக்கு ரிங் வெளிப்பக்கம் 240 × 240, இரண்டு கொக்கியோடும் வெட்டு நீளம் சுமார் 1.2 மீ. 90 பாகை மட்டும் என்றால் மூடுகொங்கிரீட் உதிர்ந்த உடனே திறந்துகொள்ளும்.

இடைவெளி: ரிங்கின் நடு நடு அகலம் 230, அதில் பாதி 115. எட்டு மடங்கு பதினாறு 128. ஆக 100 மி.மீ. என்று எழுதிவிடுங்கள். வழக்கமாக இது தூணின் மேல் கீழ் முனைகளுக்கு மட்டும், ஆனால் சுவர் நிரப்பிய பிரேமில் கீழ்த்தளத் தூண் முழு உயரமும் அப்படித்தான். 3.25 மீ.க்கு 33 ரிங், மூட்டுக்குள் மூன்று. மேல்தளங்களில் முனைகளில் 500 மி.மீ. வரை 100, நடுவில் 150. ஆனால் தூணின் ஒரு பக்கம் மட்டும் சுவர் வந்து சேரும் இடங்களில், மேல்மாடியிலும் முழு உயரமும் 100.

இனிக் கவனிக்காமல் விடுவது: மூலைக் கம்பிக்கும் மூலைக் கம்பிக்கும் நடு நடு தூரம் 200க்கு மேல். அதனால் நடுக் கம்பியைப் பிடிக்க ரிங்குக்கு உள்ளே ஒரு டயமண்ட் ரிங், அல்லது இரு திசையிலும் ஒவ்வொரு கொக்கிக் கம்பி. நாலு கம்பி வைத்த 225 தூணில் இந்தக் கேள்வியே வராது, எட்டுக் கம்பிக்குப் போகும்போது வருகிறது. நடுக் கம்பியை வெறுமனே சாத்தி வைத்தால் அது வெளியே முறிந்து வளையும்.

நிந்தவூர்_காக்கா

மூட்டுக்குள்ள மூணு ரிங்கா? பீம்ட கம்பி ரெண்டு பக்கத்தாலயும் வருது. பிறகு ரிங்க எப்படி உள்ள விடுற?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

பீம் கம்பி வருமுன் போட வேண்டும், அதுதான் ஒழுங்கு. பீமின் அடிப்பலகை மட்டும் கட்டி, மூன்று ரிங்கையும் தூண் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டு, பீம் கம்பியை ஊடாகச் செலுத்தி, பிறகு ரிங்கை இடத்தில் கட்டுவது. நாலு பக்கமும் பீம் வந்து இறுகப் பிடிக்கிற உள் மூட்டில் 150க்கு ஒன்று போதும். ஓரத்திலும் மூலையிலும் 100 தான். பீமில் முதல் ரிங் தூண் முகத்திலிருந்து 50 மி.மீ.க்குள். பிறகு பீம் ஆழத்துக்கு, 350 மி.மீ. வரை, 85க்கு ஒன்று. அது கால்வாசி ஆழத்தால் வருவது.

கல்முனை_டிராஃப்ட்

தூண் கம்பி லாப் எங்கே? இப்ப ஸ்லாப்புக்கு மேல் உடனே 800 மி.மீ. என்று போட்டிருக்கு.

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

அங்கேதான் தூண் அதிகம் வளையும், அங்கே லாப் வைக்காதீர்கள். நடு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அத்திவாரத்திலிருந்து வருகிற கம்பியை நிலத்துக்கு மேல் 2 மீ. வரை விடுங்கள், லாப் 1.2 மீ.இலிருந்து 2 மீ. வரை வரும். லாப் முழுக்க ரிங் 75க்கு ஒன்று, அது தூண் அகலத்தில் கால்வாசி.

நிந்தவூர்_காக்கா

2 மீற்றர் கம்பி நிண்டா காத்துக்கு ஆடும், நிலத்து பீம் கொங்கிரீட் போட்டு முடியுறதுக்குள்ள நிலை மாறும். தற்காலிகமா ரெண்டு மூணு ரிங்கும் கயிறும் கட்டி நிப்பாட்டுவம். அதுக்கு ஆள் கூலி ஒரு நாள் கூட. வீட்டுக்காரர் தருவாரா?

கல்முனை_டிராஃப்ட்

அதை நான் பில்லில் தனி வரியாகவே போடுகிறேன். போர்ஹோல் இன்னும் வரவில்லை. மணலின் இறுக்கத்தைக் காட்டும் N எண் குறைந்து D வகை என்று வந்தால் S எவ்வளவு?

தாழங்குடா_ஸ்ட்ரக்சர்

டைப் 2இல் D வந்தால் S 1.8, விசை ஐந்தில் ஒன்று கூடும். அதைவிட, மணல் தளர்வாக, தண்ணீர் மட்டம் மேலே இருந்தால் நிலமே நீர்போல இளகுமா என்ற கேள்வி முதலில் வரும். அப்ப தூணைப் பற்றி நாம் பேசியதெல்லாம் இரண்டாம் கேள்வி. அறிக்கை வந்ததும் ஆழத்துக்கு ஆழம் N எண்ணை இங்கேயே போடுங்கள்.